வியட்நாமிலிருந்து அப்பாவுக்குப் பணம்: படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது?

கேள்வி: ஐயா, எனக்கு 31 வயது. வியட்நாமில் ஹோ சி மின் நகரத்தை ஒட்டிய பின் யூங் பகுதியில், காலணித் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராக நான்கு மாதங்களாக வேலை செய்கிறேன். சம்பளம் டாங்கில்தான். வரி போகக் கையில் மாதம் 46 மில்லியன் டாங் வருகிறது. போன மாதம் மனிதவளப் பிரிவுப் பெண் ஒருவர் உடன் வந்து படிவம் நிரப்பி, திண்டுக்கல்லில் இருக்கும் அப்பாவுக்கு 1,000 டாலர் அனுப்பினோம். பெயர் பொருந்தவில்லை என்று பணம் திரும்பி வந்துவிட்டது. இப்போது அம்மாவின் மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு 4,500 டாலர் அனுப்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் இருக்கும் தங்கைக்குப் பணம் அனுப்பும் வியட்நாமியத் தோழி ஒருவரின் பழைய படிவத்தைப் பார்த்து நானே எழுதிக்கொண்டு போனேன். உறவுக்குச் சான்று வேண்டும், பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்துத் தூதரக முத்திரையோடு கொண்டு வாருங்கள் என்கிறார்கள். தொகையையும் தவறாக எழுதியிருக்கிறேனாம். ‘கியெவ் ஹோய்’ என்று எழுதினால் வரி கிடையாது என்று ஒருவர் சொல்கிறார். நகைக்கடையில் கொடுத்தால் மறுநாளே அப்பா கையில் ரூபாயாகச் சேர்ந்துவிடும், விலையும் நன்றாக இருக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? அப்பாவுக்கு வருமான வரி வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் சம்பளமும் அதற்கான தாள்களும் சரியாகவே இருக்கின்றன. முக்கியக் கோளாறு ஒரே ஒரு கட்டத்தில் நீங்கள் எழுதிய மூன்று நான்கு சொற்களில் இருக்கிறது. தோழியின் படிவத்தில் Trợ cấp thân nhân என்று இருந்திருக்கும், அதையே நீங்களும் எழுதியிருப்பீர்கள். உறவினருக்கு உதவித்தொகை என்பது அதன் பொருள். அப்பாவுக்கு அனுப்பும் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு என்ன இருக்க முடியும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் வியட்நாமின் அந்நியச் செலாவணி விதிகளில் அது வியட்நாமியக் குடிமக்களுக்கான வகை. 2014ஆம் ஆண்டின் 70ஆம் எண் அரசாணை, தன் குடிமக்கள் எந்தெந்தக் காரணங்களுக்காக டாலர் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று வரிசைப்படுத்துகிறது. படிப்பு, மருத்துவம், பயணம், கட்டணங்கள், வெளிநாட்டில் வாழும் உறவினருக்கு உதவி, வாரிசுச் சொத்து, குடிபெயர்வு என்று அந்தப் பட்டியல் போகும். உங்கள் தோழி அதில் ஐந்தாவது காரணத்தைப் பயன்படுத்தினார். அந்தக் காரணத்தைச் சொன்னால் உறவை நிரூபிக்க வேண்டும். அதனால்தான் உங்களிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள்.

வெளிநாட்டவருக்கு அதே அரசாணையில் வேறு வழி இருக்கிறது. முறையான வருமானத்தை டாங்கில் வைத்திருக்கும் வெளிநாட்டவர், அந்த டாங்கைக் கொடுத்து டாலர் வாங்கி வெளியே அனுப்பலாம். யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பது இங்கே இரண்டாம்பட்சம். பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் வங்கி பார்க்கும். எனவே நீங்கள் எழுத வேண்டியது Chuyển thu nhập hợp pháp. முறையான வருமானத்தை அனுப்புதல் என்று பொருள். அதன் பின்னால் từ lương என்று சேர்த்தால் ‘சம்பளத்திலிருந்து’ என்றாகிவிடும். சில வங்கிகளின் படிவத்தில் இந்தக் காரணங்கள் அச்சிட்ட பட்டியலாகவே இருக்கும். அப்போது thu nhập அல்லது lương என்ற சொல் வரும் வரியில் குறியிடுங்கள்.

ஒரே படிவம், படிப்பவர்கள் இரண்டு பேர்

படிவத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது Mục đích chuyển tiền, பணம் அனுப்பும் நோக்கம். இதைப் படிப்பவர் வியட்நாம் வங்கியின் சட்ட இணக்கப் பிரிவில் இருப்பவர். இந்தப் பணம் நாட்டை விட்டு வெளியேற எந்த விதி இடம் தருகிறது என்பதே அவருடைய கேள்வி. இரண்டாவது Nội dung thanh toán அல்லது Nội dung chuyển tiền, அதாவது செய்தி. இது வங்கிகள் தங்களுக்குள் பரிமாறும் ஸ்விஃப்ட் தகவலோடு சேர்ந்து பயணப்பட்டுத் திண்டுக்கல் கிளைக்குப் போகும். அங்கே இருப்பவருக்கு வியட்நாம் சட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. இந்த வரவை இந்திய ரிசர்வ் வங்கியின் எந்த நோக்கக் குறியீட்டில் பதிவது என்பது மட்டுமே அவருக்குத் தெரிய வேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியர் குடும்பப் பராமரிப்புக்கு அனுப்பும் பணத்துக்கான குறியீடு P1301.

இரண்டு கட்டத்திலும் ஒரே சொல்லை எழுதப் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் கட்டத்தில் வியட்நாமிய மொழியில் வருமானத்தைச் சொல்லுங்கள். இரண்டாவதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், குறிகள் எதுவும் இல்லாமல், குடும்பத்தைச் சொல்லுங்கள். வியட்நாமிய எழுத்துகளின் மேலும் கீழும் வரும் குறிகளை ஸ்விஃப்ட் ஏற்காது. கவுன்டரில் இருப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே என்று தயங்கலாம். அதைத் தவிர்க்க, செய்தியிலேயே சம்பளச் சேமிப்பு என்பதையும் சேர்த்துவிடலாம். உங்கள் 4,500 டாலருக்கான படிவத்தின் முக்கியமான வரிகள் இப்படி இருக்கும். பெயர் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டது.

```
Mục đích chuyển tiền: Chuyển thu nhập hợp pháp từ lương
Số tiền: 4.500,00 USD
Số tiền bằng chữ: Bốn nghìn năm trăm đô la Mỹ chẵn
Người thụ hưởng: MURUGESAN S
Quan hệ với người thụ hưởng: Cha
Phí: OUR
Nội dung: SALARY SAVINGS FOR FAMILY MAINTENANCE
```

Người thụ hưởng என்பது பணம் பெறுபவர். சில படிவங்களில் சுருக்கமாக Người hưởng என்றும் இருக்கும். உறவு கேட்கும் கட்டம் எல்லாப் படிவத்திலும் இருக்காது, இருந்தால் Cha என்று எழுதுங்கள். நீங்கள் இருக்கும் தெற்குப் பகுதியில் தோழர்கள் அப்பாவை ‘பா’ என்று அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். அது பேச்சு வழக்கு, மூன்று என்ற எண்ணுக்கும் அதே சொல்தான். அதைப் படிவத்தில் எழுத வேண்டாம். அம்மாவுக்கு Mẹ. நாளைக்கு அண்ணனுக்கு அனுப்பினால் anh ruột, தங்கைக்கு அனுப்பினால் em gái ruột. நம்மைப் போலவே அவர்களும் உடன்பிறந்தோரை மூத்தவர், இளையவர் என்று பிரித்தே சொல்வார்கள் என்பதால் இது உங்களுக்குச் சிரமமாக இருக்காது. ruột என்பது கூடப்பிறந்தவர் என்பதை உறுதிப்படுத்தும் சொல். அதை விட்டால், வயதில் இளைய யாரையும் குறிக்கும் em மட்டும் மிஞ்சி, கேள்விக்கு இடமாகிவிடும்.

இனி ‘கியெவ் ஹோய்’. படிவங்களில் Kiều hối என்று அச்சாகியிருக்கும் இந்தச் சொல், வெளிநாட்டில் வாழும் வியட்நாமியர் தாய்நாட்டுக்கு அனுப்பும் பணத்தைக் குறிக்கும். அந்தப் பணத்துக்கு வியட்நாமில் தனிநபர் வருமான வரி இல்லை என்பது உண்மை. உங்களுக்குச் சொன்னவர் அந்தப் பாதியை மட்டும் கேட்டிருக்கிறார். அது உள்ளே வரும் பணம், உங்களுடையது வெளியே போகும் பணம். உங்கள் சம்பளத்தில் ஏற்கெனவே வரி பிடித்தாகிவிட்டது. அதை அனுப்புவதற்கு இன்னொரு வரி கிடையாது. வங்கியில் உள்ளே நுழைந்ததும் chuyển tiền quốc tế என்று கேளுங்கள். பன்னாட்டுப் பணம் அனுப்புதல் என்று பொருள். பலகையில் chuyển tiền đi என்றால் வெளியே அனுப்புவது, chuyển tiền đến என்றால் வந்ததைப் பெறுவது.

எடுத்துப் போக வேண்டிய தாள்கள்

வருமானம் என்று எழுதிவிட்டால் அதற்கு ஆதாரம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டும் தற்காலிகக் குடியிருப்பு அட்டையும் உங்களிடம் எப்போதும் இருக்கும். அவற்றோடு வேலை ஒப்பந்தம் hợp đồng lao động, வேலை அனுமதி giấy phép lao động, சம்பளப் பட்டியல் bảng lương, வரி பிடித்தம் செய்ததற்கான சான்று ஆகியவை வேண்டும். கடைசியில் சொன்னதைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் கேட்டு வாங்க வேண்டும். Chứng từ khấu trừ thuế thu nhập cá nhân என்று எழுதிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். ஆண்டு முடியும் முன்பு சிலர் அதைக் கொடுக்கத் தயங்குவார்கள். அப்போது, இத்தனை மாதங்களுக்கு இவ்வளவு சம்பளம் கொடுத்தோம், இவ்வளவு வரி பிடித்தோம் என்று நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் கேளுங்கள். அந்நாட்டில் கையெழுத்தைவிடச் சிவப்பு முத்திரைக்கே மதிப்பு அதிகம். முத்திரை இல்லாத தாளை எடுத்துப் போய்ப் பயனில்லை. எந்தெந்தத் தாள், மூலமா நகலா என்பது வங்கிக்கு வங்கி மாறும் என்பதால், முதல் நாளே கிளைக்குப் போன் செய்து கேட்டுக்கொள்வது ஒரு நடையை மிச்சப்படுத்தும்.

வங்கி போடும் கணக்கு எளிமையானது. வரி போக நான்கு மாதம் வந்தது 184 மில்லியன் டாங். இதற்கு மேற்பட்ட தொகையைச் சம்பளம் என்று சொல்லி அனுப்ப முடியாது. ஏற்கெனவே அனுப்பியதைக் கழிப்பார்கள். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. போன மாதம் திரும்பி வந்த 1,000 டாலர், வங்கியின் பதிவில் இன்னும் அனுப்பப்பட்டதாகவே இருக்கக்கூடும். அதைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள், திரும்பி வந்ததற்கான தகவலின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த முறை உங்கள் வரம்புக்குள் தொகை அடங்கிவிடும் என்றாலும், அடுத்த தடவை அந்த 26 மில்லியன் டாங் குறைகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்காது.

நான்காயிரமா, நாலரையா?

தொகையில் நீங்கள் செய்த தவறு என்னவென்று எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. 4,500 என்று நம் வழக்கப்படி எழுதியிருப்பீர்கள். வியட்நாமில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் பின்னத்தைப் பிரிக்கக் காற்புள்ளியும் போடுவார்கள். அவர்கள் கண்ணுக்கு உங்கள் படிவத்தில் இருந்தது நாலரை டாலர். 4.500,00 என்று எழுதினால் எவருக்கும் சந்தேகம் வராது.

எண்ணுக்குக் கீழே Số tiền bằng chữ என்ற வரி, தொகையை எழுத்தால் எழுதுவதற்கு. எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் படிவத்தைத் திருப்பிவிடுவார்கள், அடித்துத் திருத்தவும் விடமாட்டார்கள். ஐந்து என்பதற்கு năm. ஆனால் அதுவே பத்து, இருபது போன்றவற்றின் பின்னால் ஒற்றை எண்ணாக வரும்போது lăm ஆகிவிடும். உங்கள் படிவத்தில் டாலரோடு டாங் தொகையையும் எழுத வேண்டிவரும் என்பதால் அதையும் போட்டுப் பார்ப்போம். டாலர் 26.350 டாங் என்று வைத்துக்கொண்டால், 4,500 டாலருக்கு 118.575.000 டாங். அதை இப்படி எழுத வேண்டும்:

```
Một trăm mười tám triệu năm trăm bảy mươi lăm nghìn đồng chẵn
```

‘ஐந்நூறு’ என்ற இடத்தில் năm, ‘எழுபத்தைந்து’ என்ற இடத்தில் lăm வந்திருப்பதைப் பாருங்கள். இறுதியில் வரும் chẵn, நாம் காசோலையில் ‘மட்டும்’ என்று எழுதுவதைப் போன்றது. மில்லியன் triệu, ஆயிரம் nghìn. தெற்கில் ஆயிரத்தை ngàn என்றும் எழுதுவார்கள், இரண்டும் செல்லும். ஒரு படிவத்தில் ஒன்றையே எழுதுங்கள்.

அந்த 26.350 எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. மாற்று விலைப் பலகையில் Mua, அதாவது வாங்குதல் என்றும், Bán, அதாவது விற்றல் என்றும் பத்திகள் இருக்கும். நாம்தானே டாலர் வாங்குகிறோம் என்று Mua பத்தியைப் பார்த்துக் கணக்குப் போட்டால் கடைசியில் பணம் பற்றாது. பலகை வங்கியின் பக்கமிருந்து பேசுகிறது. வங்கி உங்களுக்கு விற்கிறது, ஆகவே உங்கள் விலை Bán. வேடிக்கை என்னவென்றால், அதே கவுன்டரில் நீட்டும் படிவத்தில் mua ngoại tệ என்று இருக்கும். அந்நியச் செலாவணி வாங்குதல் என்ற பொருளில் அது உங்கள் பக்கமிருந்து பேசுகிறது. இரண்டும் சரிதான், யார் பேசுகிறார்கள் என்பதுதான் வேறு. போன மாதம் திரும்பி வந்த 1,000 டாலரை வங்கி டாங்காக மாற்றி வரவு வைத்திருந்தால், Bán விலையில் வாங்கி Mua விலையில் விற்ற நஷ்டமும் அதில் சேர்ந்திருக்கும். கட்டணம் போக இன்னும் ஏன் குறைகிறது என்று யோசித்திருந்தால் காரணம் இதுவே.

பெயர் ஏன் பொருந்தவில்லை?

மனிதவளப் பிரிவுப் பெண் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். வியட்நாமியருக்கு இனிஷியல் என்ற வழக்கமே கிடையாது. அங்கே Họ và tên என்றால் குடும்பப் பெயர், நடுப்பெயர், சொந்தப் பெயர் என்று முழுவதும் எழுதுவதுதான் முறை. ஓர் ஒற்றை எழுத்தைப் பார்த்ததும் அது என்னவென்று கேட்டிருப்பார், நீங்கள் தாத்தா பெயரைச் சொல்லியிருப்பீர்கள், அவர் அதை விரித்து எழுதியிருப்பார். திண்டுக்கல் கிளையில் அப்பாவின் கணக்கு இனிஷியலோடுதான் இருக்கும். வந்த பெயரும் இருக்கும் பெயரும் வெவ்வேறாகத் தெரிந்ததும், வங்கி பணத்தை வரவு வைக்காமல் நிறுத்திவிட்டது.

அப்பாவின் பாஸ்புத்தக முதல் பக்கத்தை அவரிடமிருந்து படமாக வாங்குங்கள். அதில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால், எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஆதாரில் எப்படி இருக்கிறது, ஊரில் எப்படி அழைப்பார்கள் என்பதெல்லாம் இங்கே உதவாது. உங்கள் பெயருக்கும் இதே விதிதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும் தமிழர்கள் ஏராளம். அப்படியிருந்தால் புதிதாக எதையும் இட்டு நிரப்பாமல், அந்த வங்கியில் உங்கள் கணக்கு எந்தப் பெயரில் திறக்கப்பட்டதோ அதையே எழுதுங்கள்.

Mã SWIFT என்ற கட்டத்தில் ஐஎப்எஸ்சி எண்ணை எழுதுவது அடுத்த பொறி. இரண்டுமே பதினோரு எழுத்தாக இருக்கலாம், முதல் நான்கு எழுத்தும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஐந்தாவது இடத்தைப் பாருங்கள். ஐஎப்எஸ்சியில் அங்கே சுழியம் இருக்கும். ஸ்விஃப்ட் குறியீட்டில் ஐந்தாவதும் ஆறாவதும் நாட்டின் குறியீடு, இந்தியாவுக்கு IN. ஸ்டேட் வங்கிக்கு SBIN0 என்று தொடங்குவது ஐஎப்எஸ்சி, SBININ என்று தொடங்குவது ஸ்விஃப்ட். சிறு கிளைகளுக்குத் தனி ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. எந்தக் குறியீட்டைப் பயன்படுத்துவது என்று அப்பாவைக் கிளையில் கேட்கச் சொல்லுங்கள். கிளையின் ஐஎப்எஸ்சியை வங்கி முகவரிக் கட்டத்தில் கூடுதலாகக் குறிப்பிடலாம். ஐபான் எண் கேட்டால், இந்தியாவில் அது கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

Phí என்பது கட்டணம். OUR என்றால் எல்லாக் கட்டணமும் உங்கள் தலையில், SHA என்றால் உங்கள் வங்கியின் கட்டணம் உங்களுக்கு, மற்றவை பெறுபவருக்கு, BEN என்றால் பெறுபவர் தலையில். டாலர் பெரும்பாலும் இடையில் ஓர் அமெரிக்க வங்கியைக் கடந்துதான் வரும். SHA போட்டால் அந்த இடைவங்கி தன் கட்டணத்தைத் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மருத்துவமனையில் கட்ட வேண்டிய குறிப்பிட்ட தொகை என்பதால் உங்களுக்கு OUR நல்லது. அப்போதும் ரூபாயாக மாற்றும்போது ஊரில் வங்கி பிடிக்கும் சிறு தொகையும் ஜிஎஸ்டியும் இருக்கும்.

அனுப்பி நான்கைந்து வேலை நாளாகியும் வரவில்லையென்றால், பணம் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். தேடித் தரச் சொல்லும் விண்ணப்பத்துக்கு அங்கே tra soát என்று பெயர். அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி, ரசீதில் உள்ள số tham chiếu, அதாவது பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். பெயரில் சிறு பிழை என்றால் பணத்தைத் திருப்பாமல் பெயரை மட்டும் திருத்தி அனுப்ப இந்த வழியில் முடியும். கட்டணம் உண்டு, ஆனால் பணம் போய்வரும் நஷ்டத்தைவிட அது குறைவு. bản điện SWIFT என்று கேட்டால் அனுப்பிய ஸ்விஃப்ட் தகவலின் நகலைத் தருவார்கள். அதை அப்பாவுக்கு அனுப்பினால், அவர் கிளையில் காட்டிப் பணம் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லலாம்.

நகைக்கடை யோசனை

அனுமதி பெறாத இடத்தில் டாலர் மாற்றுவது வியட்நாமில் தண்டனைக்குரியது. 2018இல் கான் தோ நகரில் ஒரு மின்பணியாளர் நகைக்கடையில் வெறும் 100 டாலரை மாற்றியதற்கு 90 மில்லியன் டாங் அபராதம் விதித்தார்கள். நாடே பேசிய செய்தி அது. அவருக்குப் பின்னர் அது தள்ளுபடி ஆனது, அடுத்த ஆண்டு விதியைத் தளர்த்தி, சிறு தொகைகளுக்கு எச்சரிக்கை மட்டும் போதும் என்று மாற்றினார்கள். 4,500 டாலர் அந்தச் சிறு தொகைக்குள் வராது.

எனக்கு அதைவிட அப்பாவை நினைத்துத்தான் கவலை. நீங்கள் அங்கே டாங் கொடுப்பீர்கள், இங்கே யாரோ ஒருவர் அப்பா கணக்கில் ரூபாய் போடுவார். அந்த யாரோவின் கணக்கு இணைய மோசடிப் புகாரில் சிக்கியிருந்தால், அந்தப் பணம் போய்ச்சேர்ந்த கணக்குகளையும் போலீஸ் முடக்குவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் கணக்கு முடங்கினால் என்ன செய்வார்? வெளிநாட்டில் இருப்பவர் சார்பாக, அங்கீகரிக்கப்படாத வழியில் வரும் பணத்தைப் பெறுவதே இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவுப்படி விதிமீறல், தொகையைப் போல மூன்று மடங்குவரை அபராதம் விதிக்கலாம். சட்டம் இங்கே வாங்கிய அப்பாவைத்தான் பிடிக்கும். ‘விலை நன்றாக இருக்கும்’ என்று சொன்னவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஊரில் வரி

மகன் தந்தைக்குக் கொடுக்கும் பணத்துக்கு, தொகை எவ்வளவாக இருந்தாலும், இந்தியாவில் தந்தைக்கு வருமான வரி இல்லை. அதை வைப்பில் போட்டு வட்டி வந்தால் அந்த வட்டி அவருடைய வருமானம், அவ்வளவுதான். ஸ்விஃப்ட் நகலையும் உங்கள் சம்பளப் பட்டியலையும் சில ஆண்டுகள் வைத்திருங்கள்.

உங்கள் பெயரில் ஊரில் ஒரு சாதாரணச் சேமிப்புக் கணக்கு இருந்தால், வெளிநாட்டு வேலைக்குப் போனவர் என்ற முறையில் அதை என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். மாதாமாதம் சேமிக்க நினைக்கும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தை மீண்டும் வெளியே எடுத்துப் போகவும் தடையில்லை. அப்பாவுக்குச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அவர் கணக்குக்கு அனுப்பலாம்.

கிளம்பும் முன் இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று முகவரி. 2025 ஜூலை 1 முதல் பின் யூங் ஹோ சி மின் நகரத்தோடு இணைந்துவிட்டது, மாவட்ட அடுக்கும் நாடு முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. வங்கிப் பதிவில் பழைய முகவரியும் ஒப்பந்தத்தில் புதிய முகவரியும் இருந்தால், எதை எழுதுவது என்று கவுன்டரில் கேட்டுவிட்டு எழுதுங்கள். மற்றொன்று குடியிருப்பு அட்டையின் கடைசித் தேதி. 2025 தொடக்கத்திலிருந்து, அடையாள ஆவணம் காலாவதியான கணக்குகளில் பணம் எடுப்பதையும் அனுப்புவதையும் வங்கிகள் நிறுத்திவைக்கின்றன. அட்டையைப் புதுப்பித்தால் அன்றே கிளைக்குப் போய்ப் புதிய எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள்.